பங்கா, ரொக்கமா: இரண்டு ஆஃபர் லெட்டர்களை வருடம் வருடமாகப் பிரித்துப் படிப்பது எப்படி

பெரம்பூர், வியாசர்பாடி, தண்டையார்பேட்டை பக்கம் இப்போது நிறைய வீடுகளில் முதல் தலைமுறை மென்பொருள் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அப்பா ஐசிஎஃப்பிலோ, துறைமுகத்திலோ, எண்ணூர் அசோக் லேலண்டிலோ வேலை பார்த்திருப்பார். அவருக்குச் சம்பளம் என்றால் மாதச் சம்பளம், தீபாவளி போனஸ், பிஎஃப், கிராஜுவிட்டி. எல்லாமே ரூபாயில், எல்லாமே அவருக்குப் புரிந்த கணக்கில். பிள்ளைக்கு வரும் ஆஃபர் லெட்டரில் மட்டும் டாலரில் ஒரு தொகையும் நான்கு வருடத்துக்கு ஒரு அட்டவணையும் இருக்கும். வீட்டில் யாரிடம் கேட்பது?

அப்படி ஒருவர் கையில் இரண்டு ஆஃபர்கள் இருந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. ஒன்று, அமெரிக்கப் பங்குச் சந்தையில் பட்டியலான பெரிய நிறுவனம். சம்பளம் கொஞ்சம் குறைவு, பங்கு உண்டு. இன்னொன்று ஸ்டார்ட்அப், ரொக்கச் சம்பளம் அதிகம், கூடவே கொஞ்சம் ஈசாப், அதாவது பின்னால் ஒரு குறிப்பிட்ட விலைக்குப் பங்கு வாங்கும் உரிமை. எங்கள் தெருவில் ஐசிஎஃப்பில் ஓய்வு பெற்ற ஒருவரின் மகள், நான்கு வருட அனுபவம் உள்ளவர், இதே மாதிரி இரண்டு லெட்டர்களைக் கொண்டுவந்து "அண்ணா, இதுல எது பெருசு?" என்று கேட்டார். எண்களைக் கணக்குக்கு வசதியாக முழுமையாக்கி, அவருடைய கணக்கையே இங்கே போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் செய்ய வேண்டியது: மொத்தத் தொகையை மறந்துவிடுங்கள்

பெரிய நிறுவனத்தின் லெட்டரில் இருந்தது இது: வருடச் சம்பளம் 24 லட்சம். 48,000 டாலர் மதிப்புள்ள ஆர்எஸ்யூ, அதாவது நான்கு வருடத்தில் தவணை தவணையாகத் தரும் பங்கு. எச்ஆர் போனில் பேசும்போது "மொத்தம் 65 லட்சம் பேக்கேஜ்" என்று சொல்லியிருக்கிறார். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் 48,000 டாலர் 40.8 லட்சம், அதோடு 24 லட்சத்தைக் கூட்டினால் 64.8 லட்சம். கூட்டல் சரிதான். ஆனால் 24 லட்சம் ஒரு வருடத்துக்கு, 40.8 லட்சம் நான்கு வருடத்துக்கு. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

ஸ்டார்ட்அப் லெட்டரில் வருடச் சம்பளம் 34 லட்சம். கூடவே 10,000 ஈசாப், "மதிப்பு 40 லட்சம்" என்று எழுதியிருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இங்கேயே இன்னொன்றும் பார்த்துவிட வேண்டும். 34 லட்சம் என்பது முழுவதும் மாதாமாதம் வருவதா, அல்லது அதில் செயல்பாட்டைப் பொறுத்துக் கூடிக் குறையும் வேரியபிள் பே இருக்கிறதா, நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கும் கிராஜுவிட்டியும் அதற்குள்ளேயே அடக்கமா? அந்தப் பெண்ணின் லெட்டரில் நல்லவேளையாக வேரியபிள் இல்லை. உங்கள் லெட்டரில் 4 லட்சம் வேரியபிள் இருந்தால், அதை நிச்சயமான சம்பளத்தில் சேர்க்காதீர்கள். கீழே வரும் கணக்கில் பிஎஃப் பிடித்தத்தை இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன், ஒப்பீடு எளிதாக இருக்கட்டும் என்று.

ஆர்எஸ்யூ எப்போது உங்களுடையது ஆகிறது

ஆர்எஸ்யூ என்பது "இத்தனை பங்குகளை இந்தந்தத் தேதிகளில் உனக்குத் தருகிறேன், அந்தத் தேதியில் நீ வேலையில் இருந்தால்" என்ற வாக்குறுதி. அந்தத் தேதி வந்து பங்கு உங்கள் பெயருக்கு மாறுவதைத்தான் வெஸ்டிங் என்கிறார்கள். வெஸ்ட் ஆகாதவரை அது உங்கள் பணம் இல்லை. வீட்டில் அப்பாவுக்கு விளக்க வேண்டுமென்றால் கிராஜுவிட்டியைச் சொல்லுங்கள்: ஐந்து வருடம் முடியாமல் வேலையை விட்டால் கிராஜுவிட்டி இல்லை என்பது அவருக்குத் தெரியும். அதே கதைதான். ஒரே வித்தியாசம், இங்கே தவணை தவணையாக வரும், ஒவ்வொரு தவணையின் மதிப்பும் அன்றைய பங்கு விலையைப் பொறுத்தது.

முதல் தவணை பெரும்பாலும் ஒரு வருடம் முடிந்த பிறகுதான். இதற்கு கிளிஃப் என்று பெயர். பதினோராம் மாதம் நீங்களாக விலகினாலும், அவர்கள் அனுப்பிவிட்டாலும், கைக்கு வருவது பூஜ்யம்.

லெட்டரில் டாலரில் எழுதியிருந்தாலும், கடைசியில் கணக்கு பங்குகளின் எண்ணிக்கையில்தான் நிற்கும். 48,000 டாலரை எந்த விலையால் வகுத்து எண்ணிக்கை ஆக்குகிறார்கள் என்று கேளுங்கள். நீங்கள் சேரும் மாதத்துக்கு முந்தைய 30 நாள் சராசரி விலை என்பது போல ஏதாவது ஒரு விதி இருக்கும். சராசரி விலை 200 டாலர் என்றால் 240 பங்குகள். அதன் பிறகு பங்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் எண்ணிக்கை 240தான். மாறுவது மதிப்பு மட்டுமே. "48,000 டாலர் தருவதாகச் சொன்னார்களே" என்று மூன்றாம் வருடம் போய்க் கேட்க முடியாது.

தேதியையும் கேட்க வேண்டும். சில நிறுவனங்கள் நீங்கள் சேர்ந்த நாளிலிருந்து எண்ணாது. அடுத்த மாதமோ அடுத்த காலாண்டோ வரும் குறிப்பிட்ட ஒரு தேதியில் பங்கை ஒதுக்கி, அதிலிருந்து எண்ணும். அப்படியானால் முதல் வெஸ்ட் 13, 14 மாதம் கழித்துத்தான் வரும். வீட்டுக் கடனுக்கான முன்பணம், தங்கச்சி கல்யாணம் என்று எதையாவது அந்தத் தேதியில் வைத்திருந்தால் இந்த இரண்டு மாதம் பெரிய விஷயம்.

அட்டவணையின் வடிவம்: இதுதான் நிறைய பேர் படிக்காமல் கையெழுத்துப் போடும் பகுதி

நான்கு வருடம் என்றவுடன் மனம் தானாக நான்கால் வகுக்கிறது. எல்லா நிறுவனமும் அப்படிக் கொடுப்பதில்லை. முதல் வருடம் முடிவில் 25 சதவீதம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6.25 சதவீதம் என்பது பரவலான முறை. ஆனால் அமேசான் நீண்ட காலமாகப் பின்பற்றியது 5, 15, 40, 40 என்ற முறை. முதல் வருடம் 5 சதவீதம், இரண்டாம் வருடம் 15, மூன்றிலும் நான்கிலும் தலா 40. அந்த முதல் இரண்டு வருடக் குறையை நிரப்ப ரொக்கமாக ஜாயினிங் போனஸ் தருவார்கள். கூகுள் போன்ற சில நிறுவனங்கள் இதற்கு நேர்மாறாக முதல் இரண்டு வருடங்களில் அதிகமும் பின்னால் குறைவாகவும் கொடுத்திருக்கின்றன.

நம் கணக்கில் இது எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்று பாருங்கள். மொத்தம் 240 பங்குகள். சம அட்டவணை என்றால் வருடத்துக்கு 60. பின்பாரமான 5-15-40-40 அட்டவணை என்றால் முதல் வருடம் 12, இரண்டாம் வருடம் 36, மூன்றாம் வருடம் 96, நான்காம் வருடம் 96. நம் துறையில் இரண்டு வருடத்தில் வேலை மாறுவது சாதாரணம். இரண்டு வருடம் முடிந்து கிளம்பினால் சம அட்டவணையில் கையில் 120 பங்குகள், பின்பாரமான அட்டவணையில் 48. எந்த அட்டவணையாக இருந்தாலும் லெட்டரின் முதல் பக்கத்தில் இருப்பது அதே 48,000 டாலர்தான்.

ஆகவே லெட்டர் வந்ததும் ஒரு எக்ஸெல் தாளைத் திறந்து நான்கு வரிசை போடுங்கள், வருடத்துக்கு ஒன்று. B பத்தியில் அந்த வருடம் வெஸ்ட் ஆகும் பங்குகள், C பத்தியில் பங்கு விலை டாலரில், D பத்தியில் ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்பது. வரிக்குப் பிறகு கைக்கு வருவது இவ்வளவுதான்:

```
=B2*C2*D2*(1-0.312)
```

0.312 எங்கிருந்து வந்தது என்பதுதான் அடுத்தது.

வரி எங்கே விழுகிறது

ஆர்எஸ்யூ வெஸ்ட் ஆகும் அன்றைய சந்தை மதிப்பு முழுவதும் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்துவிடும். நீங்கள் பங்கை விற்றீர்களா வைத்திருக்கிறீர்களா என்று வரித்துறை கேட்காது. ஃபார்ம் 16இல் அது சம்பளச் சலுகை வருமானமாகத் தெரியும். 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் 24 லட்சத்துக்கு மேலான வருமானத்துக்கு 30 சதவீதம், அதன் மேல் 4 சதவீதம் செஸ். இரண்டும் சேர்ந்து 31.2 சதவீதம். 24 லட்சம் சம்பளக்காரருக்கு ஆர்எஸ்யூ ஏறக்குறைய முழுவதும் இந்த மேல்தட்டில்தான் விழும். உங்கள் சம்பளம் 15 லட்சம் என்றால் இந்த விகிதம் குறையும். மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டினால் சர்சார்ஜும் சேரும்.

நடைமுறையில் நிறுவனமே வெஸ்ட் ஆன பங்குகளில் ஒரு பகுதியை விற்றோ பிடித்துக்கொண்டோ வரியைக் கட்டிவிடும். 60 பங்குகள் வெஸ்ட் ஆனால் சுமார் 19 போய்விடும், 41 உங்கள் அமெரிக்க புரோக்கர் கணக்கில் இருக்கும். முதல் தடவை இதைப் பார்ப்பவர்கள் பங்கு குறைகிறதே என்று பதறி எச்ஆருக்கு மெயில் போடுவார்கள். பதற வேண்டாம். ஆனால் அந்த மாதச் சம்பள சிலிப்பை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பங்கின் மதிப்பும் அதற்கான வரிப் பிடித்தமும் அதில்தான் வரும். ஃபார்ம் 16 வந்தபிறகு சரிபார்க்கத் தேவைப்படும்.

இரண்டு ஆஃபரையும் பக்கத்தில் வைத்தால்

நிலையான கழிவு 75,000 ரூபாயைக் கழித்து, வரி கட்டியபின் கைக்கு வருவதைப் பார்ப்போம். பெரிய நிறுவனத்தின் 24 லட்சத்தில் வரி போக 21.07 லட்சம், அதாவது மாதம் சுமார் 1.76 லட்சம். ஸ்டார்ட்அப்பின் 34 லட்சத்தில் வரி போக 27.99 லட்சம், மாதம் சுமார் 2.33 லட்சம். மாதத்துக்கு 57,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். அந்தப் பெண்ணின் வீட்டில் மாதவரத்தில் வாங்கிய ஃபிளாட்டுக்கு 48,000 ரூபாய் இஎம்ஐ போகிறது. அந்த இஎம்ஐயையே கட்டிவிட்டு மீதமும் இருக்கும் அளவு வித்தியாசம் இது.

இப்போது பங்கைச் சேர்ப்போம், விலை 200 டாலரிலேயே நிற்கிறது என்று வைத்து. 60 பங்குகள் என்றால் 10.2 லட்சம், வரி போக ஏழு லட்சம் சொச்சம். முழு வருடத்துக்குப் பெரிய நிறுவனத்தில் கைக்கு வருவது 28.13 லட்சம். ஸ்டார்ட்அப்பின் 27.99 லட்சத்துக்கு ஏறக்குறைய சமம்.

"அப்போ ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் அந்தப் பெண். வருடக் கடைசி நாளில் நின்று பார்த்தால் ஒன்றுதான். பதினோராம் மாத முடிவில் நின்று பாருங்கள். ஸ்டார்ட்அப்பில் 25.66 லட்சம் கையில் வந்திருக்கும், பெரிய நிறுவனத்தில் 19.32 லட்சம். ஆறு லட்சத்துக்கு மேல் பின்தங்கி நின்று, ஒரே நாளில் எட்டிப்பிடிக்கிறீர்கள். அந்த ஒரு நாளுக்கு முன்னால் ஆட்குறைப்பு வந்தால் எட்டிப்பிடிக்க முடியாமலே போகும். பெரிய கம்பெனி என்றால் பாதுகாப்பு, ஸ்டார்ட்அப் என்றால் ஆபத்து என்று வீட்டில் சொல்வார்கள். முதல் வருடத்துப் பங்கைப் பொறுத்தவரை நிலைமை அப்படி இல்லை. ஸ்டார்ட்அப் பத்தாவது மாதம் மூடினாலும் அதுவரை வந்த சம்பளம் உங்களுடையது.

இதே 240 பங்குகள் 5-15-40-40 அட்டவணையில் வந்திருந்தால் கதையே வேறு. ஜாயினிங் போனஸ் எதுவும் இல்லை என்று வைத்தால் கைக்கு வந்த மொத்தம் இப்படி இருக்கும். முதல் வருட முடிவில் 22.52 லட்சம், ஸ்டார்ட்அப்பை விட ஐந்தரை லட்சம் குறைவு. இரண்டாம் வருட முடிவில் 47.84 லட்சம்; இடைவெளி எட்டு லட்சத்தைத் தாண்டிவிடும். மூன்றாம் வருடம் அது நான்கு லட்சத்துக்குள் சுருங்கி, நான்காம் வருடத்தின் கடைசியில்தான் பெரிய நிறுவனம் அரை லட்சம் முந்தும். சம்பள உயர்வை இரண்டு பக்கமும் சேர்க்காத கணக்கு இது. நான்கு வருடம் ஒரே இடத்தில் இருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல முடியாதவர், குறையை நிரப்பும் ரொக்கம் இல்லாமல் இப்படிப்பட்ட அட்டவணைக்குக் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் கருத்து.

நான்காம் வருடத்தைத் தாண்டியும் ஒரு பார்வை வேண்டும். முதல் ஒதுக்கீடு தீர்ந்தவுடன் ஐந்தாம் வருடம் வருமானம் திடீரென்று இறங்கும். இடையில் ஒவ்வொரு வருடமும் புதிய பங்கு ஒதுக்கீடு, அதாவது ரிஃப்ரெஷர், தந்தால் இந்தப் பள்ளம் தெரியாது. எச்ஆர் "வருஷா வருஷம் கொடுப்போம்" என்பார். லெட்டரில் எழுதாதவரை அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஆனால் உள்ளே வேலை செய்யும் இரண்டு பேரைப் பிடித்து, போன வருடம் வந்ததா, உங்கள் நிலையில் உள்ளவருக்கு எத்தனை பங்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விலை இறங்கினால்

இதுவரை 200 டாலர் 200 டாலராகவே இருந்தது. நிஜத்தில் இருக்காது. 2022ஆம் ஆண்டு மட்டும் அமேசான் பங்கு பாதியாகக் குறைந்தது; மெட்டா பங்கு அறுபது சதவீதத்துக்கு மேல் விழுந்தது. பிறகு இரண்டும் மீண்டன என்பது உண்மை, ஆனால் அந்த வருடம் வெஸ்ட் ஆனவருக்கு அந்த வருட விலைதான்.

சமநிலை விலை என்று ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு சம்பளத்துக்கும் வருட வித்தியாசம் 10 லட்சம். வருடத்துக்கு 60 பங்குகள், டாலர் 85 ரூபாய். 10 லட்சத்தை 60ஆலும் 85ஆலும் வகுத்தால் 196 டாலர். பங்கு விலை 196க்கு மேலே இருக்கும் வரை பெரிய நிறுவனம் முன்னால். கீழே போனால் ஸ்டார்ட்அப் முன்னால். இன்றைய விலை 200 என்பதால் இடையில் இருக்கும் மெத்தை வெறும் இரண்டு சதவீதம். விலை 100க்கு வந்தால் வருடத்துக்குக் கைக்கு வருவது 24.62 லட்சம் ஆகிவிடும், ஸ்டார்ட்அப்பை விட மூன்று லட்சத்துக்கும் மேல் குறைவு. விலை 300க்குப் போனால் இதே அளவு இலாபம் மறுபக்கம். டாலரின் ரூபாய் மதிப்பும் இதில் சேரும். நான் 85 என்று போட்டது வசதிக்காக. நீங்கள் லெட்டர் வந்த நாளின் மதிப்பைப் போடுங்கள்.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது, இதில் சிக்குபவர்கள் அதிகம். வரி வெஸ்ட் ஆன நாள் விலைக்குக் கட்டியாயிற்று. 200 டாலரில் வெஸ்ட் ஆன 41 பங்குகளை "இன்னும் ஏறும்" என்று வைத்திருந்து அது 120க்கு வந்தால், கட்டிய வரி திரும்பி வராது. அந்த நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்கவும் முடியாது. மூலதன இலாபம் ஏதாவது இருந்தால் அதில்தான் கழிக்கலாம். சென்னையில் பிறந்து 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலான ஃப்ரெஷ்வொர்க்ஸ் நல்ல உதாரணம். இங்குள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அன்று கோடீஸ்வரர் ஆனார்கள் என்று செய்தி வந்தது, நமக்கெல்லாம் பெருமையாக இருந்தது. பங்கு 36 டாலருக்கு வெளியிடப்பட்டு முதல் நாளே நாற்பதுகளில் முடிந்தது. அடுத்த வருடத்துக்குள் 20 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. எப்போது விற்றார் என்பதைப் பொறுத்து, ஒரே அளவு பங்கு வைத்திருந்த இருவரின் நிலை முற்றிலும் வேறாகியிருக்கும்.

என் பரிந்துரை எளிது. வெஸ்ட் ஆன நாளிலோ, நிறுவன விதிகள் அனுமதிக்கும் முதல் நாளிலோ விற்றுவிடுங்கள். உங்கள் சம்பளம் ஏற்கெனவே அந்த நிறுவனத்தை நம்பித்தான் இருக்கிறது. இதே பணம் ரொக்க போனஸாக வந்திருந்தால் அதை எடுத்துக்கொண்டு போய் இந்த ஒரு கம்பெனிப் பங்கையே வாங்குவீர்களா என்று யோசியுங்கள். வாங்குவேன் என்றால் வைத்திருங்கள், தவறில்லை. உடனே விற்றால் புதிதாக மூலதன இலாப வரியும் ஏறக்குறைய எதுவும் வராது.

ஸ்டார்ட்அப்பின் "40 லட்சம்"

ஈசாப்பும் ஆர்எஸ்யூவும் ஒன்றில்லை. ஈசாப் என்பது பங்கு அல்ல, ஒரு குறிப்பிட்ட விலைக்குப் பங்கை வாங்கும் உரிமை. வெஸ்ட் ஆன பிறகு நீங்கள் காசு கட்டி வாங்க வேண்டும். இதை எக்ஸர்சைஸ் என்பார்கள். இந்திய நிறுவனச் சட்ட விதிகளின்படி இதிலும் ஒதுக்கீட்டுக்கும் முதல் வெஸ்டிங்கிற்கும் இடையே குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும்.

லெட்டரில் 10,000 ஈசாப், கடைசி முதலீட்டுச் சுற்றில் ஒரு பங்கு 400 ரூபாய், ஆகவே 40 லட்சம். எக்ஸர்சைஸ் விலை 10 ரூபாய். இரண்டு வருடம் கழித்து அவர் வேலை மாறுகிறார் என்று வைப்போம். 5,000 வெஸ்ட் ஆகியிருக்கும். திட்ட விதியில் விலகியபின் 90 நாளுக்குள் வாங்க வேண்டும் என்று இருந்தது. வாங்க 50,000 ரூபாய் போதும். ஆனால் அந்த நாளில் அந்தப் பங்கின் நியாய மதிப்பை மெர்ச்சன்ட் பேங்கர் 300 ரூபாய் என்று நிர்ணயித்திருந்தால், ஒரு பங்குக்கு 290 ரூபாய் வீதம் 14.5 லட்சம் அவருடைய சம்பள வருமானத்தில் சேரும். வரி சுமார் 4.5 லட்சம். வாங்கிய பங்கைச் சந்தையில் விற்க முடியாது, ஏனென்றால் அது பட்டியலான நிறுவனம் இல்லை. ஐந்து லட்சம் கையிலிருந்து போட்டு, எப்போது காசாகும் என்று தெரியாத ஒன்றை வாங்க வேண்டும். வாங்காவிட்டால் இரண்டு வருட ஈசாப்பும் போய்விடும்.

தகுதி பெற்ற ஸ்டார்ட்அப்பாக இருந்தால் இந்த வரியைத் தள்ளிப்போடும் சலுகை உண்டு. ஆனால் அதற்கு மத்திய அரசுத் துறையான டிபிஐஐடியின் அங்கீகாரம் மட்டும் போதாது, வரி விலக்குக்கான தனிச் சான்றிதழும் நிறுவனத்திடம் இருக்க வேண்டும். அது கிடைத்த ஸ்டார்ட்அப்கள் குறைவு. அப்புறம், வேலையை விட்டவுடன் அந்தத் தள்ளிவைப்பு முடிந்துவிடும், ஆகவே மேலே சொன்ன நிலைமைக்கு அது உதவாது.

400 ரூபாய் என்ற விலையும் உங்களுக்கு உரியதில்லை. அது முதலீட்டாளர் தன் முன்னுரிமைப் பங்குக்குக் கொடுத்த விலை. நிறுவனத்தைக் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தால் பெரும்பாலும் முதலில் அவர்கள் போட்ட பணத்தை எடுத்துக்கொள்வார்கள். மிச்சம் இருந்தால்தான் ஊழியர்களுக்கு.

ஆகவே ஒப்பீட்டில் ஈசாப்புக்கு நான் பூஜ்யம் போட்டேன். அது வந்தால் சந்தோஷம். ஆனால் முடிவு 34 லட்சம் ரொக்கத்தை வைத்து மட்டும். அந்த ரொக்கம் எவ்வளவு உறுதி என்பதையும் பார்க்க வேண்டும். கையிருப்புப் பணம் எத்தனை மாதம் வரும் என்று நிறுவனரிடமே கேளுங்கள், இந்தக் கேள்வியில் தவறாக எடுத்துக்கொள்ள எதுவும் இல்லை. அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் அவருடைய இபிஎஃப் பாஸ்புக்கில் மாதாமாதம் பணம் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பணத்தட்டுப்பாடு வரும் நிறுவனங்களில் சம்பளத் தேதி தள்ளிப்போவதற்கு முன்பே பல நேரம் பிஎஃப் கட்டுவது நின்றுவிடும்.

எச்ஆரிடம் என்ன கேட்பது, எப்படிப் பேரம் பேசுவது

போனில் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள். பதில் எழுத்தில் இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்திடம் நாங்கள் கேட்டது நான்கே விஷயம்: எந்த விலையில் பங்கு எண்ணிக்கை முடிவாகும், முதல் வெஸ்ட் எந்தத் தேதி, நோட்டீஸ் பீரியடில் இருக்கும்போது வரும் வெஸ்ட் கிடைக்குமா, ஆட்குறைப்பில் போனால் வெஸ்ட் ஆகாத பங்குக்கு என்ன ஆகும். நான்காவதுக்கு வந்த பதில், எதிர்பார்த்தபடியே, "ரத்தாகும்".

அதன் பிறகு பேரம். பங்கைக் கூட்டிக் கேட்பதைவிட, முதல் வருட ரொக்கக் குறையைக் காட்டி ஜாயினிங் போனஸ் கேட்பது நன்றாக வேலை செய்யும். சம்பளத்துக்கு ஒவ்வொரு பதவி நிலைக்கும் ஒரு வரம்பு இருக்கும், அதை மாற்ற எச்ஆருக்குக் கஷ்டம். ஒரே ஒருமுறை தரும் தொகைக்கு அந்தக் கட்டுப்பாடு குறைவு. "கிளிஃபுக்கு முன்னால் எனக்கு மாதம் 57,000 குறைகிறது, வருடத்துக்கு வரி போக ஆறு லட்சத்துக்கு மேல் பின்னால் நிற்கிறேன்" என்று எண்ணோடு எழுதச் சொன்னேன். 4 லட்சம் சம்மதித்தார்கள். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. இந்தத் திருப்பித் தரும் நிபந்தனையைக் கவனமாகப் படியுங்கள். வரி போகக் கைக்கு வந்தது 2.75 லட்சம் என்றாலும், சில லெட்டர்கள் முழு 4 லட்சத்தையும் திருப்பிக் கேட்கும்.

அவர் பெரிய நிறுவனத்தையே எடுத்துக்கொண்டார். அட்டவணை சமமாக இருந்தது, அந்தப் போனஸ் முதல் வருட இஎம்ஐயின் பாதிக்குப் பக்கம் தாங்கும், சோழிங்கநல்லூருக்கு கம்பெனி பஸ் பெரம்பூரிலிருந்தே இருந்தது. இதே எண்கள் 5-15-40-40 அட்டவணையில் வந்திருந்தால் ஸ்டார்ட்அப்பைத்தான் சொல்லியிருப்பேன். வீட்டில் சேமிப்பே இல்லாமல், மாதச் சீட்டும் இஎம்ஐயும் இந்தச் சம்பளத்தை மட்டுமே நம்பி இருந்தாலும் அப்படித்தான். புதிதாக வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதுவும் ரொக்கத்தின் பக்கமே சாயும். வங்கிகள் பெரும்பாலும் மாதச் சம்பள சிலிப்பை வைத்துத்தான் கடன் தொகையைக் கணக்கிடும்.

முதல் வெஸ்ட் வந்த பிறகு

அமெரிக்க நிறுவனப் பங்கு ஒன்றே ஒன்று உங்கள் பெயரில் இருந்தாலும் அது வெளிநாட்டுச் சொத்து. அந்த வருடத்திலிருந்து நீங்கள் ஐடிஆர்-1 போட முடியாது, ஐடிஆர்-2 போட வேண்டும். அதில் ஷெட்யூல் எஃப்ஏ என்ற பகுதியில் அந்தப் பங்கைக் காட்ட வேண்டும். வெஸ்ட் ஆன அன்றே விற்றிருந்தாலும் காட்டுங்கள், ஏனென்றால் இடையில் வைத்திருந்ததையும் அந்தப் பகுதி கேட்கிறது. இதில் ஒரு நுணுக்கம்: நம் வரி வருடம் ஏப்ரல் முதல் மார்ச் வரை, ஷெட்யூல் எஃப்ஏ மட்டும் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான காலத்தைக் கேட்கும். தெருமுனை ஆடிட்டரிடம் கொடுக்கும்போது இதைச் சொல்லிக் கொடுங்கள், வெறும் ஃபார்ம் 16ஐ வைத்து ஐடிஆர்-1 போட்டுவிடுகிறவர்கள் உண்டு. காட்டாமல் விட்டால் கருப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்ச ரூபாய் அபராதத்துக்கு இடம் இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து, மொத்தம் 20 லட்ச ரூபாய்க்குள் இருக்கும் இத்தகைய அசையும் சொத்துகளுக்கு அந்த அபராதம் இல்லை. ஆனால் காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கிறது.

விற்காமல் வைத்திருந்தால், 24 மாதம் தாண்டி விற்கும் இலாபத்துக்கு 12.5 சதவீத வரி, அதற்குள் விற்றால் உங்கள் சம்பளத்துக்கான விகிதமே. வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ள வேண்டியது பூஜ்யம் அல்ல, வெஸ்ட் ஆன நாளில் வரி கட்டிய அந்த விலை. புரோக்கர் தளத்தில் சில நேரம் அது பூஜ்யமாகத் தெரியும். அதை அப்படியே எடுத்துப் போட்டால் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டுவீர்கள். அதனால்தான் ஒவ்வொரு வெஸ்ட்டுக்கும் தேதி, எண்ணிக்கை, அன்றைய டாலர் விலை, சம்பள சிலிப்பில் போட்ட ரூபாய் மதிப்பு ஆகிய நான்கையும் அதே எக்ஸெல் தாளில் அடுத்த பக்கத்தில் குறித்துவைக்கச் சொல்கிறேன்.